அவர் கணக்கை அவருக்கே காட்டுங்கள்

“ரூபாய் சரிந்துவிட்டது, விலையைக் குறையுங்கள்” என்று ஜப்பானிய சப்ளையருக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள் நம் சிறுதொழில் முனைவோர் பலர். பெரும்பாலும் பலன் இருக்காது. ரூபாயின் சரிவு நம் கஷ்டம். அதை அவர் ஏன் சுமக்க வேண்டும்? அவர் பக்கம் என்ன மாறியது என்பதைத்தான் கடிதம் சொல்ல வேண்டும்.

2022-ஐ எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 115 யென், 74.50 ரூபாய். அக்டோபர் நடுவில் 148 யென், 82.50 ரூபாய். இரண்டு நாணயங்களும் விழுந்தன. யென் அதிகமாக விழுந்தது. கோவையில் ஒரு பட்டறை, 100 டாலர் விலையில் ஜப்பானிய உதிரிபாகம் வாங்குகிறது என்று வையுங்கள். 7,450 ரூபாயாக இருந்த செலவு 8,250 ஆகிறது. அதே 100 டாலர் அந்த சப்ளையருக்கு முன்பு 11,500 யென், இப்போது 14,800. நாம் அவரிடம் பேச வேண்டியது இந்த 3,300 யென்னைப் பற்றி.

அதற்காக முழுவதையும் கேட்பது நியாயமல்ல. அவரும் மூலப்பொருளை டாலரில் வாங்குவார். அவருடைய அடக்கவிலை 10,000 யென், அதில் 3,000 இறக்குமதிச் சரக்கு என்று கொண்டால், இந்தப் பகுதி 3,860 ஆகிவிடும்; மொத்த அடக்கம் 10,860. நாம் 90 டாலர் கேட்டால் அவருக்கு 13,320 யென் கிடைக்கும். 1,500 யென்னாக இருந்த லாபம் 2,460 ஆகிறது. நமக்கோ 7,425 ரூபாய், ஏறக்குறைய பழைய விலை. இருவருக்கும் நட்டமில்லாத இந்தக் கணக்கைக் கடிதத்தோடு ஒரே பக்க அட்டவணையாக இணைத்துவிட்டால் அவருடைய விற்பனை மேலாளர் அதைத் தன் மேலிடத்தில் காட்டி வாதாட முடியும். அடக்கவிலை நம் ஊகம்தான் என்பதை மறைக்காமல் எழுதி, தவறிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

இதில் சறுக்கும் இடமும் உண்டு. அவர் தன் டாலரை ஃபார்வர்டு ஒப்பந்தத்தில் முன்பே 118 யென்னுக்கு விற்று வைத்திருந்தால், நாம் சொல்லும் லாபம் அவர் கைக்கு வந்தே இருக்காது. ஆகவே கப்பலேறிய சரக்கை விட்டுவிட்டு, வரும் ஆர்டர்களுக்கு மட்டும் கேளுங்கள். உச்சம் தொட்ட ஒரு நாளின் விகிதத்தைக் காட்டாமல், முந்தைய மாதச் சராசரியைக் காட்டுங்கள்.

குறைப்பு கிடைத்தால் அதோடு ஒரு மறுஆய்வு விதியையும் எழுதிக்கொள்ளுங்கள்: விகிதம் 5 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால், எந்தப் பக்கமானாலும் விலை திருத்தப்படும். 2023 ஜனவரி நடுவில் டாலர் 128 யென்னுக்கு இறங்கியது. 90 டாலர் அப்போது வெறும் 11,520 யென். அந்த மாதம் கடிதம் எழுதும் முறை அவருடையது.