65 மார்க்குக்கு அமெரிக்காவில் என்ன மதிப்பு?

"யுனிவர்சிட்டி முத்திரை போட்ட பட்டம் கையில இருக்கு. அப்புறம் எதுக்கு இன்னொருத்தருக்குக் காசு கொடுத்து மதிப்பீடு?" ஹைதராபாத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பும்போது தவறாமல் எழும் கேள்வி இது. என்னைக் கேட்டால் மதிப்பீடு தேவைதான். ஆனால் யாரிடம் செய்வது என்று தெரியாமல் பணம் கட்டக்கூடாது.

அங்கே வெளிநாட்டுப் பட்டங்களை அங்கீகரிக்க மத்திய அரசு அலுவலகம் எதுவும் கிடையாது. முடிவு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கையில். சிலர் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். சிலர் வேர்ல்ட் எஜுகேஷன் சர்வீசஸ் (வெஸ்) போன்ற தனியார் நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்பார்கள்.

நம்ம பி.காம்.மையே எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் அக்கவுண்ட்ஸில் 65 வாங்கியிருக்கிறாள். இங்கே அது முதல் வகுப்பு. அங்கே பல கல்லூரிகளின் அளவுகோலில் 65 என்றால் 'டி', கிட்டத்தட்ட ஃபெயிலுக்கு மேல் ஒரு படி. பாடவாரி மதிப்பீட்டில் நம் ஊர் 60-க்கு மேற்பட்ட மார்க் பொதுவாக 'ஏ' ஆகிவிடும். அப்படியானால் மதிப்பீடு அவளுக்கு அவமானமா, பாதுகாப்பா? நீங்களே சொல்லுங்கள்.

சிக்கல் வருஷக் கணக்கில்தான். ஒரு வருஷப் படிப்புக்குச் சுமார் 30 கிரெடிட். அமெரிக்க இளங்கலை நான்கு வருஷம், 120. நம் மூன்று வருஷம் 90-தான். நாக் தரத்தையும் வாங்கிய வகுப்பையும் பார்த்து, சில மூன்றாண்டுப் பட்டங்களை முழு இளங்கலைக்குச் சமம் என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. மூன்று வருஷப் படிப்பு என்று மட்டும் எழுதும் நிறுவனங்களும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: யாருடைய அறிக்கையை ஏற்பீர்கள் என்று அட்மிஷன் ஆபீசுக்கு முதலில் மெயில் போடுங்கள். பாடவாரி அறிக்கை வேண்டுமா, பட்டத்துக்கு மட்டும் போதுமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்து காகிதம். வெஸ்ஸில் பதிந்தால் ஒரு குறிப்பு எண்ணும் ஒரு படிவமும் கிடைக்கும். அந்தப் படிவத்தோடு மார்க் ஷீட் நகல்களைப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் கொடுக்க வேண்டும். படித்த கல்லூரியில் அல்ல, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தில். உஸ்மானியாவானாலும் சென்னையானாலும் இதுதான். அவர்கள் சரிபார்த்து, உறையை ஒட்டி, மடிப்பின்மேல் முத்திரை வைப்பார்கள். அதை நாம் பிரித்துப் பார்த்தால் செல்லாது.

பேங்கில் பத்திர நகலை மட்டும் நம்பி லோன் கொடுப்போமா? பதிவு அலுவலகத்து வில்லங்கச் சான்றும் கேட்போம் இல்லையா, அதே நியாயம்தான் இங்கேயும்.

அரியர் இருந்தால் மறைக்க வேண்டாம். கடைசியாகத் தரும் ஒட்டுமொத்த மார்க் ஷீட்டில் பழைய தோல்விகள் தெரியாமல் போகலாம், அதனால் செமஸ்டர்வாரி ஷீட்டையும் கேட்பார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் ஃபைல் அங்கேயே நின்றுவிடும்.

உறை வாங்க வாரக்கணக்கில் ஆகலாம். எனவே கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணுங்கள்.