பிட்டோ குழாய் வேகத்தை அளப்பதில்லை

நம் கல்லூரிப் பாய்மவியல் பாடங்களில் தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கப்படும் வாக்கியம் ஒன்று உண்டு: “பிட்டோ குழாய் விமானத்தின் வேகத்தை அளக்கிறது.” இது பிழையான வாக்கியம். எளிமைப்படுத்தல் என்ற சலுகையையும் இதற்கு அளிக்க முடியாது. அக்குழாய்க்கு வேகம் என்பதே தெரியாது; அதற்குத் தெரிந்தது அழுத்தம் மட்டுமே.

எதிர்க்காற்றை நோக்கித் திறந்திருக்கும் குழாய்முனையில் காற்று முட்டி நிற்கிறது. அங்கு உருவாவது மொத்த அழுத்தம். விமான உடலின் பக்கவாட்டிலுள்ள துளை, சுற்றியுள்ள காற்றின் நிலை அழுத்தத்தைப் பெறுகிறது. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் கிடைக்கும் எச்சமே வேகமாக மாற்றப்படுகிறது:

v = √(2(pₜ − pₛ)/ρ)

பாடநூல்கள் அடைப்புக்குள் இருக்கும் இவ்விரண்டையும் Δp என்ற ஒற்றைக் குறிக்குள் அடக்கிவிடுகின்றன. கேடு அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு துளைகளிலிருந்து வரும் இரண்டு செய்திகள் ஒரே பெயரைப் பெற்றதும், அவற்றுள் ஒன்று பொய்யாகக்கூடும் என்ற எண்ணமே மாணவர் மனத்தில் எழுவதில்லை.

1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவிலிருந்து பிர்கென்ஏர் நிறுவனத்தின் போயிங் 757 புறப்பட்டது. அது பல நாள்கள் பறக்காமல் நின்றிருந்த விமானம். தலைமை விமானியின் பிட்டோ குழாய் அடைபட்டிருந்தது. குளவி கட்டிய மண்கூடு காரணமாக இருந்திருக்கலாம் என்பது விசாரணையின் கணிப்பு. ஓடுபாதையிலேயே அவருடைய வேகமானி வேலை செய்யவில்லை. அதை அவரும் கவனித்தார். ஆயினும் புறப்பாடு நிறுத்தப்படவில்லை. மேலேறத் தொடங்கியதும் முள் அசைந்தது. கருவி உயிர்பெற்றதாகத் தோன்றியது.

உண்மையில் நிகழ்ந்தது வேறு. அடைபட்ட குழாய்க்குள் தரைமட்டக் காற்று சிறைப்பட்டிருந்தது. அதன் அழுத்தம் ஏறத்தாழ 101.3 கிலோபாஸ்கல். 1,500 மீட்டர் உயரத்தில் வெளியேயுள்ள நிலை அழுத்தமோ சுமார் 84.6 கிலோபாஸ்கல். வேறுபாடு 16,700 பாஸ்கல். கடல்மட்ட அடர்த்தியான 1.225 கொண்டு சூத்திரத்தில் இட்டால் விடை நொடிக்கு 165 மீட்டர். காற்றின் அமுக்கத்தன்மையைக் கணக்கிட்டாலும் மணிக்கு ஏறத்தாழ 580 கிலோமீட்டர், அதாவது 310 நாட்டுக்கு மேல். இக்கணக்கில் விமானத்தின் உண்மை வேகம் எங்கும் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பலூனில் கட்டி மேலே அனுப்பினாலும் அக்குழாய் இதையே காட்டும். வேகமானி, வேகமானியின் முகத்தை அணிந்த உயரமானியாகிவிட்டது.

அந்த விமானத்திலும் தலைமை விமானியின் முள் 300 நாட்டைக் கடந்தது. அவர் பக்கத் தரவை நம்பிய ஆட்டோபைலட் மூக்கை உயர்த்தியது; எஞ்சின் விசையும் குறைந்தது. மிகைவேக எச்சரிக்கை ஒலித்தது. சிறிது நேரத்தில் அதற்கு நேர்மாறான, தூக்குவிசை இழப்பு எச்சரிக்கையும் வந்தது. துணை விமானியின் கருவி சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. விமானம் கடலில் வீழ்ந்தது. 189 பேரும் மாண்டனர்.

அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, லிமாவிலிருந்து புறப்பட்ட ஏரோபெரு நிறுவனத்தின் 757 விமானத்தில் அடைபட்டவை நிலை அழுத்தத் துளைகள். கழுவும்போது ஒட்டிய நாடா அகற்றப்படவில்லை. அங்கு பிழையின் திசை தலைகீழ்: ஏறும்போது வேகம் குறைத்தும், இறங்கும்போது மிகுத்தும் காட்டப்படும், உயரமானியும் நம்பகமற்றதாகும். 70 பேர் இறந்தனர்.

“இவை பராமரிப்புத் துறையின் சிக்கல்கள், அடிப்படைப் பாடத்தில் ஏன்?” என்று கேட்போர் உண்டு. துளையை மூடியது பராமரிப்பின் குறையே. ஆனால் மூடிய துளை எத்திசையில் பொய் சொல்லும் என்பது பெர்னூலியின் அதே சூத்திரத்தில் இருக்கிறது. அதற்குத் தனிப்பாடம் வேண்டியதில்லை. குழாய்முனை மட்டும் அடைபட்டு வடிகால் துளை திறந்திருந்தால் உள்ளழுத்தம் கசிந்து நிலை அழுத்தத்துக்குச் சமமாகும். முள் சுழியை நோக்கி வீழும். அது எளிதில் பிடிபடும் பிழை. இரண்டும் அடைபட்டால் நம்பத்தக்க எண் வரும். அதுவே கொல்லும் பிழை. விசையும் மூக்கின் கோணமும் மாறாதிருக்க, உயரத்தோடு சேர்ந்தே வேகமும் ஏறுமானால், முள் காட்டுவது வேகமன்று.

ஆகவே தேர்வுத்தாளில் “பிட்டோ குழாயின் தத்துவத்தை விளக்குக” என்ற வினா இனி போதாது. “இரு துளைகளும் அடைபட்ட பிட்டோ குழாயுடன் விமானம் மேலேறுகிறது, முள் எங்கே செல்லும், ஏன்?” என்று கேட்கப்பட வேண்டும். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் முதல் வினாவுக்கு முழு மதிப்பெண் பெறுவார். புரிந்துகொண்டவர் மட்டுமே இரண்டாவதற்கு விடை எழுதுவார்.