வாக்களிக்க விடுமுறை: வாயாற் கேட்டால் தயவு, எழுதிக் கேட்டால் உரிமை

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஆலைகளிலும் கிடங்குகளிலும் கடைகளிலும் உழைப்போர் பலருக்கு வேலை நகரத்தில், வாக்கோ ஊரில். மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் வெருகலிலும் புல்மோட்டையிலும் பதிவான அவ்வாக்குகள், அவர்கள் அங்கு நேரிற் சென்றாலன்றிப் பெட்டியில் விழமாட்டா. தபால்மூல வாக்கு அரசாங்க சேவையாளருட் குறித்த பிரிவினர்க்கும் தேர்தற் பணியில் ஈடுபடுவோர்க்கும் உரியது. தனியார் நிறுவனத் தொழிலாளிக்கு அவ்வழி இல்லை. 2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் வாக்கெடுப்புக் காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடிந்தது. அது ஒரு வியாழக்கிழமை, வேலை நாள். அத்தகைய நாளில் விடுமுறையின்றி வாக்கில்லை என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

இதற்குச் சட்டம் இல்லாமற் போகவில்லை. 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின் 122ஆம் பிரிவு, வாக்களிக்க உரித்துடைய ஊழியருக்குச் சம்பள இழப்பின்றி விடுமுறை வழங்கவேண்டுமெனத் தொழில்தருநரைக் கட்டாயப்படுத்துகிறது. அவ்விடுமுறை இடையறாது தொடர்வதாக இருத்தல் வேண்டும். எவ்வகையிலும் நான்கு மணித்தியாலத்திற் குறைதல் ஆகாது.  ஆயின் இக்கடமை எழுவது ஒரே ஒரு நிபந்தனையின் மீது. ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பித்திருக்க வேண்டும்.

இச்சிறு நிபந்தனையிலேதான் நம்மவர் தவறவிடுகின்றனர். மேற்பார்வையாளரிடம் வாயாற் கேட்டு, அவர் தலையசைத்தார் என நம்பியிருந்து, வாக்கெடுப்பு நாட் காலையில் “ஆளில்லை, போக முடியாது” என்ற மறுமொழி பெற்றோர் எத்தனை பேர்! கேட்டதற்கும் சான்றில்லை, மறுத்ததற்கும் சான்றில்லை. பின்னர் சட்டத்தை எடுத்துப் பேச எங்கே இடம்?

இன்னொரு தவறு, நான்கு மணித்தியாலத்தையே உச்சவரம்பு எனக் கொள்வது. அது அடிவரம்பு. வாக்களிப்பதற்குப் போதுமான காலம் வழங்கப்படவேண்டும் என்பதே பிரிவின் நோக்கம். போதுமானது எவ்வளவு என்பதற்கு இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு தூரத்தை வைத்து ஓர் அளவு வகுத்துள்ளது. வாக்கெடுப்பு நிலையம் 40 கிலோமீற்றர் அல்லது அதற்குக் குறைவாயின் அரை நாள். 40க்கு மேல் 100 வரை ஒரு நாள். 100க்கு மேல் 150 வரை ஒன்றரை நாள். 150க்கு மேலாயின் இரண்டு நாள். தனியார் துறையினருக்கான விடுமுறை பற்றித் தேர்தல் ஆணைக்குழு வெளியிடும் அறிவித்தல்களில் இவ்வளவே எடுத்துக்காட்டப்படுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். இவ்வளவு 122ஆம் பிரிவின் வாசகத்தில் இல்லை. “ஒரு நாள் தரவேண்டுமெனச் சட்டம் சொல்கிறது” என்று எழுதினால், சட்டம் படித்த முகாமையாளர் அவ்வொரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதம் முழுவதையும் தள்ளிவிடுவார். போதுமான விடுமுறையைப் பிரிவின்படி கேட்டு, போதுமானது எவ்வளவு என்பதற்கு ஆணைக்குழுவின் அளவை ஆதாரமாகக் காட்டுவதே பிழையற்ற முறை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். துறைமுகத்து ஆலையொன்றில் காலை 6 முதற் பிற்பகல் 2 மணிவரை முறைவேலை பார்க்கும் ஒருவருக்கு வெருகலில் வாக்கு. “இரண்டு மணிக்கு வேலை முடிகிறது, நான்கு மணிவரை வாக்கெடுப்பு, விடுமுறை எதற்கு?” என்கிறார் மேலாளர். நகரத்தில் வாக்குள்ளவருக்கு இது பொருந்தும்போலத் தோன்றலாம். வெருகலுக்கோ கிண்ணியா, மூதூர் கடந்து 40 கிலோமீற்றரை நன்றாகத் தாண்டிப் போகவேண்டும். பஸ் தாமதித்தால் நிலையத்தின் கதவு மூடியிருக்கும். வாக்களித்தாலும் மறுநாட் காலை ஆறு மணிக்குள் திரும்பியாக வேண்டும். ஆகவே அவர் கேட்கவேண்டியது ஒரு நாள். மூதூரில் வாக்குள்ள அவருடைய தோழர், தூரம் 40க்குட் படுவதால், அரை நாளே கேட்கலாம். மிகையாகக் கேட்பது மறுப்பதற்கு வழி திறந்து கொடுப்பதாகும்.

வெருகல் வாக்காளர் எழுதவேண்டியது இவ்வளவே:

“... ஆம் திகதி நடைபெறும் பாராளுமன்றத் தேர்தலில் நான் வாக்களிக்க உரித்துடையேன். எனது வாக்கெடுப்பு நிலையம் வெருகலில் உள்ளது. வேலைத்தலத்திலிருந்து அதன் தூரம் 40 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின் 122ஆம் பிரிவின்படி, சம்பள இழப்பின்றி, அன்றைய தினம் முழுவதும் விடுமுறை வழங்குமாறு வேண்டுகிறேன். எனது உத்தியோகபூர்வ வாக்காளர் அட்டையின் பிரதியையும், விடுமுறை பற்றிய தேர்தல் ஆணைக்குழு அறிவித்தலின் பிரதியையும் இணைத்துள்ளேன்.”

இவ்விரண்டு பிரதிகளும் வெவ்வேறு வேலை செய்கின்றன. வாக்காளர் அட்டை நிலையத்தின் பெயரைக் காட்டுவதால், தூரம் பற்றிய வாதத்தை முடித்துவிடும். அறிவித்தல், எவ்வளவு விடுமுறை என்னும் வாதத்தை முடித்துவிடும். அட்டையின் மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள், பிரதி போதும். அட்டை தபாலில் வந்து சேராவிட்டால் அதற்காகக் காத்திராமல் விண்ணப்பத்தை முதலிற் கொடுங்கள். அட்டையை இணைக்குமாறு பிரிவு கேட்கவில்லை. அட்டை ஆதாரமேயன்றி நிபந்தனையன்று. ஏனைய தேர்தல்களுக்கு வேறு சட்டங்கள் உள. ஆதலால் பிரிவின் இலக்கத்தை அவ்வத் தேர்தலுக்கான அறிவித்தலைப் பார்த்தே எழுதவேண்டும்.

கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றிற் பெற்றுக்கொண்ட திகதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்க. கையொப்பமிட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புக. விடுமுறை கேட்டோரின் பெயரையும் வழங்கப்பட்ட காலத்தையும் எழுதி வேலைத்தலத்திற் காட்சிக்கு வைக்குமாறு தொழில்தருநர் பணிக்கப்பட்டுள்ளனர். அப்பட்டியல் தொங்காத இடத்தில் விடுமுறையும் கிடைக்காதெனச் சந்தேகிக்கலாம். அப்போதே, தேர்தலுக்கு முன்னரே, மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு முறையிட வேண்டும். மறுப்பது தண்டனைக்குரிய குற்றமேயாயினும், பின்னர் வரும் தண்டனை போன வாக்கை மீட்டுத் தராது. சம்பளப் பட்டியலையும் பாருங்கள். அந்நாளை வருடாந்த லீவிற் கழித்திருந்தால், வழங்கியது 122ஆம் பிரிவின் விடுமுறையன்று.

இதுவரை கூறியது தொழிலாளிக்கு. இப்பத்திரிகையை வாசிக்கும் வைத்தியரும் வழக்கறிஞரும் கமக்காரரும் தம்மையும் ஒருகணம் நோக்குவாராக. சட்டம் பெரிய ஆலைக்கு மட்டும் உரியதன்று. தொழில்தருநர் எவரையும் அது கட்டும். மருந்தகத்து உதவியாளரும், நம் கந்தோர் எழுதுவினைஞரும், மாதச் சம்பளத்தில் உழவு இயந்திரம் ஓட்டுபவரும் வாக்காளரே. நவம்பர் மாதம் பெரும்போக வேலை நெருக்கும் காலம். வயல் காத்திருக்காது என்பது உண்மை. அன்றன்று கூலிக்கு வருபவரை இப்பிரிவு எளிதில் எட்டாது என்பதும் உண்மை. ஆயினும் அவரிடம் வேலையை வாக்களித்தபின் பத்து மணிக்குத் தொடங்கலாமென்று சொல்லிவிட்டு முழுக்கூலி கொடுப்பதை எச்சட்டமும் தடுக்கவில்லை. பெரிய முதலாளியிடம் பிரிவைக் காட்டி விடுமுறை கேட்கும் நாம், நம்மிடம் வரும் விண்ணப்பத்திற் கையொப்பமிடத் தயங்குவோமாயின், அவரைக் குறைகூற நமக்கு வாயேது?