பண்டிகை போன பிறகு வந்த பெட்டி

தீபாவளிக்கு எங்களிடம் பலகாரம் சொல்லிவைத்த எல்லோருக்கும் ஆலங்காயத்திலிருந்து எழுதுகிறோம்.

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. சனிக்கிழமைக்குள் உங்கள் கையில் இருக்கும் என்று சொல்லித்தான் பணம் வாங்கினோம். சிலருக்குப் பெட்டி ஞாயிறு, திங்களில் வந்தது. பலருக்கு வந்தது புதனும் வியாழனும். சிலருக்கு அதற்கும் பிறகு. மன்னித்துக்கொள்ளுங்கள். வாக்குக் கொடுத்தவர்கள் நாங்கள், பதில் சொல்ல வேண்டியவர்களும் நாங்களே.

ஆனாலும் வயிறு எரிகிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. தினை மாவை முன்கூட்டியே அரைத்து வைக்க முடியாது. அதிலுள்ள எண்ணெய்ப்பசை சீக்கிரமே காறிவிடும். அதனால்தான் கடைசி வாரத்தில் அரைத்து, வறுத்து, ராத்திரி கண்விழித்து லட்டு பிடித்தோம். ஜவ்வாது மலைச் சாமையில் முறுக்குப் பிழிந்தோம். அப்படிச் செய்ததையெல்லாம் கூரியர்காரர்கள் வாங்கிக்கொண்டுபோய்க் கிடங்கில் குவித்துப் போட்டுவிட்டார்கள். கேட்டால் "பண்டிகை லோடும்மா" என்கிறார்கள். பண்டிகைக்குக் கூட்டம் வரும் என்று தெரியாமலா எங்களிடம் காசு வாங்கினீர்கள்? ஒரு வீட்டுக்குக் "கதவு பூட்டியிருந்தது" என்று வேறு பதிவு போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மா அன்றைக்கு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நஷ்டஈடு கேட்டோம். ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். எறும்பு மாதிரி எழுத்தில், எவ்வளவு நஷ்டமானாலும் 100 ரூபாய்க்கு மேல் கிடையாதாம். கீழே எங்கள் கையெழுத்து. வழக்குப் போட்டாலும் அந்தக் கையெழுத்துதான் முன்னால் வந்து நிற்கும். பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் அதுதான் நடந்தது. அவர்கள் ஜெர்மனிக்கு அனுப்பிய சரக்குக்கான காகிதங்கள் கூரியரில் போய்ச் சேரவில்லை. மறுபடி அனுப்புவதற்குள் 1990 கோடைப் பருவம் முடிந்துவிட்டது, வாங்குபவர் விலையைக் குறைத்துவிட்டார். மாநில நுகர்வோர் ஆணையம் நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல் தரச் சொன்னது. 1996இல் உச்ச நீதிமன்றமோ, கையெழுத்திட்ட ரசீதில் இருக்கும் 100 டாலர்தான் என்று முடித்துவிட்டது. பருவம் போனவனுக்கு நூறு. பண்டிகை போன எங்களுக்கும் நூறு!

எங்களுக்கு நடந்ததை உங்களுக்கு நாங்கள் செய்ய மாட்டோம். அடுத்த முறை வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று கூப்பன் நீட்ட மாட்டோம். உங்கள் காசைத் திருப்பித் தர உங்களையே மறுபடி காசு செலவழிக்கச் சொல்வதா? நாள் முக்கியம் என்று பேசிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் நாள் தவறினால், அதை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்வது அதைத்தான்.

ஆகவே, செவ்வாய்க்கிழமையோ அதற்குப் பிறகோ பெட்டி வந்தவர்களுக்கு முழுப் பணமும் கூரியர் கட்டணத்தோடு திரும்ப வரும். 1,000 ரூபாய்ப் பலகாரத்துக்கு 120 கூரியர் என்றால் 1,120 ரூபாய். எங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த 100 மட்டுமே, மீதி 1,020 எங்கள் கைப்பணம். ஞாயிறு, திங்கள் வந்தவர்களுக்குக் கூரியர் கட்டணமும் பலகார விலையில் பாதியும் வரும். பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பணம் வேண்டாம், புதிதாகச் செய்து அனுப்பினால் போதும் என்பவர்களுக்கு அப்படியே செய்கிறோம். எது என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்.

லட்டில் காறல் வாடையோ கசப்போ இருந்தால், பூசணம் தெரிந்தால், குழந்தைகளுக்குக் கொடுக்காமல் கொட்டிவிடுங்கள். முறுக்கு நமுத்திருந்தாலும் வாடை இல்லாவிட்டால் வெறும் சட்டியில் சூடு காட்டிச் சாப்பிடலாம். பெட்டியில் இருக்கும் தேனுக்கு ஒன்றும் ஆகாது.

மகளுக்குத் தலைதீபாவளிச் சீராக எங்கள் பெட்டியை அனுப்பச் சொன்ன பெற்றோருக்கு, பணத்தைக் கொடுத்து மட்டும் இதைத் தீர்க்க முடியாது. சம்பந்தி வீட்டில் பழி உங்கள் தலையில் விழுந்திருக்கும். நீங்கள் சரி என்றால், தாமதம் பெண் வீட்டாருடையது இல்லை, எங்களுடையது என்று அந்த வீட்டுக்கே கடிதம் எழுதிப் புதுப் பெட்டியோடு அனுப்புகிறோம்.

பணம் எந்த எண்ணிலிருந்து வந்ததோ அதே எண்ணுக்குத்தான் திரும்பும். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது ஓடிபியோ பின் நம்பரோ கேட்டால் கொடுக்காதீர்கள். பணம் வாங்குவதற்கு அவை தேவையே இல்லை.

கார்த்திகை தீபத்துக்குள் எல்லோருக்கும் பணம் வந்துவிடும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து எங்கள் மேலேயே புகார் கொடுங்கள்.