ஒரு வரியில் முடிகிற கணக்கா இது?

இலுப்பூரில் வீடு கட்டுவோர் கைக்கு இப்போது வரும் பில்லில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: ‘டிராயிங் மாற்றம், கூடுதல் வேலை’. அதற்கு எதிரே ஒரு பெருந்தொகை. எது மாறியது, யார் கேட்டு மாறியது, தொகை எப்படி வந்தது என்று ஒரு சொல் கிடையாது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

அடிக்கடி நடக்கும் மாற்றம் ஒன்றைப் பார்ப்போம். இருபதடி ஹாலின் நடுவே நிற்கும் பில்லர் வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். ஒரு பில்லர் குறைந்தால் செலவும் குறையும் என்பது அவர் எண்ணம். பத்தடி பத்தடியாக இரண்டு துண்டில் சுமை தாங்கிய பீம், இனி இருபதடியை ஒரே தாவலில் தாண்ட வேண்டும். அதை வளைக்கும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஆகவே 12 அங்குல ஆழ பீம் 18 அங்குலமாகிறது என்று வைத்துக்கொள்வோம். அகலம் 9 அங்குலம் என்றால் கூடும் கான்கிரீட் ஏழரை கன அடி. நீக்கிய 9க்கு 12 அங்குல பில்லரும், பத்தடி உயரத்துக்கு, அதே ஏழரை கன அடிதான். கான்கிரீட்டில் கணக்கு நேராகிவிடுகிறது. பணம் ஏறுவது கம்பியில்.

அதோடு முடிவதில்லை. நடு பில்லர் தாங்கிய பாரம் இரு முனை பில்லர்களுக்குப் போகிறது. அந்த பீமிலிருந்து ஒவ்வொன்றுக்கும் வரும் சுமை இரண்டரை மடங்குக்கு மேல். அவற்றின் ஃபுட்டிங்கும் பெரிதாக வேண்டியிருக்கலாம். அஸ்திவாரம் போடுமுன் சொன்னால் இது சிறு செலவு. போட்ட பிறகு என்றால் மறுபடி தோண்ட வேண்டும், அல்லது அந்த மாற்றமே கூடாது என்று இன்ஜினியர் மறுக்க வேண்டும். இதைத்தான் வேலைக்கு முன்பே கடிதமாக எழுதித் தந்திருக்க வேண்டும்.

பணம் மட்டுமல்ல விஷயம். 1981-இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஒரு ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து 114 பேர் மாண்டார்கள். மேலும் கீழுமாகத் தொங்கிய இரு நடைபாதைகளையும் தாங்க வேண்டிய ஒரே நீளக் கம்பியை, பொருத்த வசதியாக இரண்டு கம்பிகளாக்கினார்கள். மேல் நடைபாதையின் இணைப்பில் சுமை இரட்டிப்பானது. ‘இதனால் எது மாறுகிறது’ என்று கணக்குப் போட்டு எழுத ஒருவரும் உட்காரவில்லை.

இன்ஜினியர்களே, ஒரு பக்கக் கடிதம் போதும். பழைய டிராயிங் எண், புதிய எண், தேதி. மாறிய இடம், காரணம். கூடியதும் குறைந்ததும் அளவு, ரேட்டுடன் தனித்தனியாக. வேலை முடிய எத்தனை நாள் தள்ளும் என்பது. வீட்டுக்காரர் கேட்ட மாற்றத்தையும் உங்கள் பிழையைத் திருத்திய மாற்றத்தையும் ஒரே தொகையில் கலக்காதீர்கள். பின்னதன் செலவு உங்களுடையது. ‘மேஸ்திரியிடம் சொல்லிவிட்டோம்’ என்பது பதிலாகாது, பில் கட்டுவது மேஸ்திரி அல்லவே!

வீட்டுக்காரர் கையெழுத்திட்ட பிறகே கம்பி வளைக்க வேண்டும். ஏற்கெனவே ஒற்றை வரியில் வாங்கிய தொகைகளுக்கும் இந்தக் கடிதத்தை இப்போதாவது கொடுங்கள். கணக்கில் நிற்காத பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.