வங்கியே விற்ற நிரந்தரப் பத்திரம்

2020 மார்ச் 14ஆம் தேதி யெஸ் வங்கி, பங்குச் சந்தைகளுக்கு ஓர் அறிவிப்பை அனுப்பியது. அந்த வங்கி வெளியிட்டிருந்த ரூ.8,415 கோடி மதிப்புள்ள ‘ஏடி-1’ என்னும் நிரந்தரக் கடன் பத்திரங்கள் மொத்தமாக, திரும்ப வராத வகையில், கணக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன என்பது அதன் சாரம். இதற்கு ஒன்பது நாள் முன்பு அந்த வங்கியின் நிர்வாகக் குழுவை ரிசர்வ் வங்கி கலைத்திருந்தது; ஒருவர் ரூ.50,000க்கு மேல் எடுக்க முடியாது என்ற கட்டுப்பாடும் விதிக்கப்பட்டிருந்தது. ஸ்டேட் வங்கியின் தலைமையில் பல வங்கிகள் பணம் போட்டு மீட்ட பிறகு, மார்ச் 18ஆம் தேதி அந்தக் கட்டுப்பாடு விலகியது. டெபாசிட் போட்டவர்களின் பணம் முழுதாகக் கிடைத்தது. பழைய பங்குதாரர்களின் பங்குகளும் அவர்கள் கையிலேயே இருந்தன. பத்திரம் வைத்திருந்தவர்களிடம் மட்டும் எதுவும் மிஞ்சவில்லை. அவர்களில் பெரும் தொகை போட்டவை மியூச்சுவல் ஃபண்டுகள் போன்ற நிறுவனங்கள்தான். ஆனால், ஓய்வுக்கால சேமிப்பைக் கொண்டுவந்து போட்ட தனிநபர்களும் அவர்களிடையே இருந்தார்கள். அவர்கள் ஏன் அதிர்ந்துபோனார்கள் என்பதற்கு, ‘படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள்’ என்ற ஒற்றை வரியில் பலரும் பதில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தப் பதில் உண்மையின் சிறு பகுதியை மட்டுமே தொடுகிறது.

இந்தப் பத்திரம் எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2008 நெருக்கடியில் உலகின் பல நாடுகள் மக்களின் வரிப்பணத்தைக் கொட்டி வங்கிகளைக் காப்பாற்றின. அந்த அனுபவத்திலிருந்து வந்த ‘பாசல்-3’ விதிகள், வங்கி விழும்போது முதலில் இழப்பைத் தாங்க சொந்த மூலதனம் இருக்க வேண்டும் என்றன. அந்த மூலதனத்தின் ஒரு பகுதியைக் கடன் பத்திரமாகவும் திரட்டிக்கொள்ளலாம் என்று அனுமதித்தன. ஆனால், மூலதனமாகக் கணக்கில் வர வேண்டுமென்றால் அந்தப் பத்திரம் பங்கைப் போல நடந்துகொண்டாக வேண்டும். ஆகவே அதற்கு முதிர்வுத் தேதி கிடையாது. வட்டி கொடுப்பது வங்கியின் விருப்பம்; ஓர் ஆண்டு கொடுக்காவிட்டால் அது நிலுவையாகச் சேராது, போனது போனதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு சந்தர்ப்பங்களில் அசலையே அழித்துவிடலாம். ஒன்று, வங்கியின் முதன்மை மூலதன விகிதம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சரியும்போது. அப்போது நம் நாட்டில் அந்த அளவு 5.5 சதவீதம். இரண்டாவது, இந்த இழப்பை ஏற்காவிட்டால் வங்கி பிழைக்காது என்று ரிசர்வ் வங்கி முடிவுசெய்யும்போது. முதலாவதை எண்ணை வைத்து யாரும் பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டாவது, ஒரு மேற்பார்வையாளரின் தீர்ப்பு. அதை வெளியிலிருந்து எந்த முதலீட்டாளராலும் அளந்து பார்க்க முடியாது.

இப்படிப்பட்ட பத்திரம் தனிநபரின் கைக்கு எப்படி வந்தது? யெஸ் வங்கி இவற்றை நிறுவனங்களுக்குத்தான் முதலில் வெளியிட்டது: 2016 டிசம்பரில் 9.5 சதவீத வட்டியில் ரூ.3,000 கோடி, 2017 அக்டோபரில் 9 சதவீத வட்டியில் ரூ.5,415 கோடி. பிறகு நிறுவனங்களிடமிருந்த அவற்றை வசதியான வாடிக்கையாளர்களுக்கு விற்றுக்கொடுக்கும் வேலையை வங்கியின் செல்வ மேலாண்மைப் பிரிவே செய்தது. 2021 ஏப்ரலில் செபி வெளியிட்ட உத்தரவின்படி, 1,346 தனிநபர்கள் சுமார் ரூ.679 கோடி போட்டிருந்தார்கள். அவர்களில் 1,311 பேர் அதே வங்கியின் வாடிக்கையாளர்கள். இன்னும் கூர்மையான விவரம் ஒன்று அந்த உத்தரவில் உண்டு: 277 பேர் தங்கள் ஃபிக்ஸட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே முறித்து, சுமார் ரூ.80 கோடியை இந்தப் பத்திரத்துக்கு மாற்றியிருந்தார்கள். ‘சூப்பர் எஃப்.டி.’ என்ற பெயரிலும் இது விற்கப்பட்டது என்று செபி பதிவுசெய்திருக்கிறது. முறையற்ற விற்பனைக்காக வங்கிக்கு ரூ.25 கோடி அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தீர்ப்பாயம் அதற்கு இடைக்காலத் தடை கொடுத்தது. அபராதம் நிலைக்கிறதோ இல்லையோ, அந்த 277 பேரின் கணக்கில் நடந்த மாற்றம் கவனத்துக்குரியது. காலையில் வங்கிக்குக் கடன் கொடுத்தவராக, வரிசையில் முன்னால் நின்றவர், மாலையில் ஏறக்குறைய கடைசி இடத்துக்குப் போய்விட்டார். அதே கிளை, அதே அதிகாரி, அதே வங்கியின் பெயர். இடம் மாறியதை உணர்த்த எந்த அடையாளமும் அவர் முன் இல்லை.

சேமிப்பாளர் ஒரு முதலீட்டை எடைபோட வழக்கமாகச் சில கேள்விகளைக் கேட்பார். பணம் எப்போது திரும்பும்? வட்டி தவறாமல் வருகிறதா? ரேட்டிங் என்ன? இவை நல்ல கேள்விகள். சாதாரணக் கடன் பத்திரத்துக்குப் போதுமானவை. இந்தப் பத்திரத்தில் ஒவ்வொன்றும் தவறான ஆறுதலைத் தந்தது. ஐந்தாண்டு முடிந்ததும் வங்கி விரும்பினால், ரிசர்வ் வங்கியின் ஒப்புதலோடு, பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற உரிமை உண்டு. வங்கிகள் பெரும்பாலும் அப்படியே செய்ததால், ‘ஐந்து வருஷப் பத்திரம்’ என்ற பேச்சு நிலைபெற்றது. உண்மையில் அந்த உரிமை வங்கிக்கு மட்டுமே உரியது. வட்டியும் முடிவு நெருங்கும்வரை வந்துகொண்டுதான் இருந்தது. வெளியீட்டின்போது ரேட்டிங் ‘ஏஏ’. எண்ணைக் கவனிக்கத் தெரிந்தவருக்காவது எச்சரிக்கை கிடைத்ததா என்றால், அங்கேதான் இந்தக் கதையின் மிகக் கசப்பான பகுதி இருக்கிறது. 2019 செப்டம்பர் முடிவில் வங்கி காட்டிய முதன்மை மூலதன விகிதம் 8.7 சதவீதம்; 5.5 என்ற எல்லைக்கு வெகு மேலே. டிசம்பர் காலாண்டுக் கணக்கு தாமதமாகி, 2020 மார்ச் 14 அன்றுதான் வெளிவந்தது. ரூ.18,564 கோடி நஷ்டம், விகிதம் 0.6 சதவீதம். பத்திரங்கள் அழிக்கப்பட்ட அதே நாள் அது. வண்டி பள்ளத்தில் விழுந்த பிறகு எச்சரிக்கைப் பலகை நட்டது போலத்தான் இது.

முன்கூட்டியே எந்த அறிகுறியும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2016-17ஆம் ஆண்டுக்கு வங்கி காட்டிய வாராக் கடனைவிட ரிசர்வ் வங்கி கண்டறிந்தது ரூ.6,355 கோடி அதிகம் என்ற செய்தி, இரண்டாவது பத்திரத் தொகுதி வெளியான அதே 2017 அக்டோபரில் வந்தது. அடுத்த ஆண்டு தலைமை நிர்வாகியின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி சுருக்கியது. அந்தச் செய்திகளின் பொருளை நன்கறிந்த இடம், பத்திரத்தை விற்றுக்கொண்டிருந்த அதே வங்கிதான். தன் மூலதனத்தின் பலவீனத்தைத் தானே அறிந்த ஒரு நிறுவனம், அந்த மூலதனத்தைத் தன்னை நம்பும் வாடிக்கையாளருக்கே விற்கும்போது, ஆலோசனைக்கும் விற்பனைக்கும் நடுவே இருக்க வேண்டிய சுவர் அங்கே இல்லை.

அதிர்ச்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பெரிய நிறுவனங்களையும் திகைக்க வைத்தது. ஒரு கம்பெனி நொடிந்தால் முதலில் பங்குதாரர் இழப்பார், பிறகுதான் கடன் கொடுத்தவர் என்பது வணிகம் தெரிந்த எல்லோருக்கும் பழகிய வரிசை. யெஸ் வங்கியில் பங்குதாரரின் முதலீடு நீர்த்தது, நான்கில் மூன்று பங்கு மூன்றாண்டுக்கு முடக்கப்பட்டது. ஆனாலும் அது உயிரோடு இருந்தது. ஸ்விட்சர்லாந்தில் 2023 மார்ச்சில் கிரெடி சுவிஸ் வங்கியை யு.பி.எஸ். வாங்கியபோதும் இதே கதைதான்: சுமார் 1,600 கோடி ஃப்ராங்க் மதிப்புள்ள பத்திரங்கள் பூஜ்யமாயின, பங்குதாரர்களுக்கோ 300 கோடி ஃப்ராங்க் கிடைத்தது. நம் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியில் 2020 நவம்பரில் நடந்தது வேறு. அங்கே டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கும் முன் ரூ.318.20 கோடி இரண்டாம் நிலைப் பத்திரங்கள் அழிக்கப்பட்டன. கூடவே பங்கு மூலதனமும் முழுதாக அழிந்தது. ஒரே ஆண்டில், ஒரே ஒழுங்குமுறை அமைப்பின் கீழ், இரண்டு வங்கிகளில் இரண்டு விதமான முடிவு. ஆவணத்தை வரிவரியாகப் படித்தவர்கூட இந்த வேறுபாட்டை முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது.

கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டவர்கள் கூடுதல் ஆபத்தையும் ஏற்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கையே போட்டுப் பார்ப்போம். 2017 அக்டோபரில் ரூ.20 லட்சத்தை 9 சதவீதப் பத்திரத்தில் போட்டவருக்கு ஆண்டுக்கு ரூ.1.8 லட்சம் வட்டி. 7 சதவீத டெபாசிட்டில் ரூ.1.4 லட்சம் வந்திருக்கும். பத்திரம் அழியும் முன் அவர் பார்த்தது இரண்டு ஆண்டு வட்டி. கூடுதலாகக் கிடைத்தது ரூ.80,000. அதற்காக ரூ.20 லட்சமும் போனது. பங்கின் ஆபத்தை ஏற்பவருக்கு, வங்கி வளர்ந்தால் அந்த வளர்ச்சியில் பங்கு உண்டு. இவருக்கு அது கிடையாது. மேலே 9 சதவீதக் கூரை, கீழே தரையே இல்லை. இந்தப் பேரத்தைப் பேரமாக எடுத்துச் சொல்லியிருந்தால் ஓய்வுபெற்ற எத்தனை பேர் கையெழுத்திட்டிருப்பார்கள்? ஆசை என்று பழிப்பதற்கு முன், விலை சொல்லப்பட்டதா என்று கேட்பதே நியாயம்.

இன்னொரு வாதம் வலுவானது. இந்தப் பத்திரங்கள் இழப்பைத் தாங்கியதால்தான் டெபாசிட்தாரர்கள் தப்பினார்கள். அழிக்கக் கூடாதென்றால் இவை இருப்பதற்கே பொருளில்லை. இதை நாம் முழுமையாக ஏற்கிறோம். தாங்கும் வலிமையுள்ள கைகளில் இருந்தால் இவை பயனுள்ள கருவிகள். அந்தக் காரணத்தாலேயே இவை சிறு சேமிப்பாளரிடம் இருக்கக் கூடாது. வங்கியின் வாடிக்கையாளரிடமே அதன் மூலதனத்தை விற்றால், இழப்பு நேரும்போது ஒரு வாடிக்கையாளரின் பணத்தைக் கொண்டு இன்னொரு வாடிக்கையாளரைக் காப்பாற்றுவதாக அது முடிகிறது. அந்த மக்கள் வீதிக்கும் நீதிமன்றத்துக்கும் வரும்போது, அடுத்த முறை இந்த விதியைப் பயன்படுத்த மேற்பார்வையாளருக்கே கை தயங்கும்.

2020 அக்டோபரில் செபி இந்தக் கதவை ஓரளவு மூடியது. புதிய பத்திரங்களைத் தகுதிபெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே வெளியிடலாம்; குறைந்தபட்ச ஒதுக்கீடும், சந்தையில் கைமாறும் குறைந்தபட்ச அளவும் ரூ.1 கோடி. சரியான நடவடிக்கைதான், ஆனால், ஒரு கோடி என்பது வசதியை அளக்கிறது, புரிதலை அளக்கவில்லை. வீட்டையோ நிலத்தையோ விற்ற பணம் கையில் இருக்கும் முதியவரை அந்த எல்லை தடுக்காது. வங்கி தன் சொந்த மூலதனப் பத்திரத்தைத் தன் தனிநபர் வாடிக்கையாளருக்குப் பரிந்துரைப்பதையும் விற்பதையும் தொகை எதுவானாலும் தடைசெய்வதே முழுமையான தீர்வு. பங்குதாரருக்கு ஏதாவது மிஞ்சும் நிலையிலும் பத்திரம் அழியலாம் என்ற ஒரு வாக்கியத்தை விற்பனைத் தாளின் முதல் வரியாக அச்சிடச் சொல்ல வேண்டும்.

அழிப்பை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு தனிப் பாதையில் போனது. புனரமைப்புக்கு முன்பே பத்திரங்கள் அழிக்கப்பட வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் விதி. அரசின் புனரமைப்புத் திட்டம் மார்ச் 13 அன்று அறிவிக்கப்பட்டது. அழிப்பு மறுநாள் வந்தது. வரைவுத் திட்டத்தில் இருந்த அழிப்புப் பிரிவு இறுதித் திட்டத்தில் இல்லை. ரிசர்வ் வங்கி நியமித்த நிர்வாகிக்கு அழிக்கும் அதிகாரம் இல்லை என்று 2023 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் அழிப்பை ரத்துசெய்தது. அந்தத் தீர்ப்புக்கு உயர் நீதிமன்றமே கொடுத்த தடையை, மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் நீட்டித்தது. இந்த வழக்கின் மையக் கேள்வி, ஒருநாள் முன்பின்னாக யார் எதைச் செய்ய அதிகாரம் பெற்றிருந்தார் என்பதுதான். டெபாசிட்டை முறித்துப் பத்திரம் வாங்கிய 277 பேரிடம் கிளையில் என்ன சொல்லப்பட்டது என்பது அதற்குள் வரவில்லை. அதற்கான பொறுப்பைத் தனியாகத்தான் நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது.