தாய் ஒன்று சொல்ல, மகள் ஒன்று சொல்ல

மூணாறு, தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களிலும் பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்திலும் தமிழ் மட்டுமே பேசும் தாய்மார்கள் ஏராளம். பிள்ளைகளோ பள்ளியில் மலையாளமும் கற்றவர்கள். வளரிளம் பிள்ளையின் மனநலப் பிரச்சினைக்காக இப்படிப்பட்ட தாயும் மகளும் மலையாளம் பேசும் மருத்துவர் முன் உட்கார்ந்தால், தாய் சொல்வதை மகளே மொழிபெயர்க்க நேர்கிறது. அந்த நொடியிலேயே தாயின் சாட்சியம் தொலைந்துபோகிறது. கோப்பில் எஞ்சுவது மகள் சொல்ல விரும்பிய தாயின் கதைதான்.

பிள்ளைகளின் மனநோய்களைக் கண்டறிய வரையறுத்த கேள்விகள் கொண்ட நேர்காணல் முறைகள் உண்டு. தேசிய மனநல ஆய்வில் (2015-16) 13 முதல் 17 வயதினரிடம் பயன்பட்ட மினி-கிட் அவற்றில் ஒன்று. 1997-இல் வெளியான கே-சாட்ஸ்-பிஎல் இன்னொன்று. இதில் ஒவ்வோர் அறிகுறிக்கும் பெற்றோர் சொன்னது, பிள்ளை சொன்னது, இருவரையும் கேட்டபின் நேர்காண்பவரின் முடிவு என மூன்று கட்டங்கள். 1 என்றால் அறிகுறி இல்லை. 2 என்றால் லேசாக உண்டு. 3 என்றால் நோயாகக் கணக்கிடும் அளவுக்கு உண்டு.

முதல் இரண்டு கட்டங்களும் ஒத்துப்போவது அபூர்வம். 1987-இல் ஆக்கன்பாக் குழு முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. முழு ஒற்றுமை 1 என்றால், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே கிடைத்தது சராசரியாக 0.25 மட்டுமே. யாரோ ஒருவர் பொய் சொல்வதாக இதற்குப் பொருளில்லை. கோபத்தையும் எதிர்த்துப் பேசுவதையும் வீட்டார் பார்க்கிறார்கள். தூக்கம் கெடுவதும் மனசு விட்டுப்போவதும் பிள்ளைக்கு மட்டுமே தெரியும்.

விளக்கத்துக்காக ஒரு லயத்து வீட்டைக் கற்பனை செய்வோம். தாய் காலையில் கொழுந்து பறிக்கப் போய் மாலையில் திரும்புகிறார். மகளுக்கு வயது 16. "எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறா சார், டப்பால சோறு அப்படியே திரும்பி வருது" என்கிறார் தாய். மகள் தனியாகச் சொல்வது வேறு: எதிலும் மனசு ஒட்டவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, எப்போதும் அசதி, படித்தது தலையில் ஏறவில்லை. "கோபமா? அதெல்லாம் இல்லை."

மனச்சோர்வு நோய் என்று சொல்ல ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம் நீடிக்க வேண்டும். வாழ்க்கையும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். வளரிளம் பருவத்தில் சோகத்துக்குப் பதிலாக எரிச்சலையும் கணக்கில் எடுக்கலாம். தாயை மட்டும் கேட்டால் இரண்டு, மகளை மட்டும் கேட்டால் நான்கு. இருவர் கணக்கிலும் நோய் இல்லை. யார் சொன்னாலும் உண்டு என்று கூட்டிவிட்டால் ஆறு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் இல்லாத நோயும் முளைத்துவிடும்.

எனவே மீண்டும் கேட்க வேண்டும். டப்பாச் சோறு ஏன் மிஞ்சுகிறது? தோழியோடு பகிர்ந்து சாப்பிடுகிறாள், எடை குறையவில்லை. பசியின்மை கட்டத்தில் 1. எரிச்சல்? மகள் மறுத்தாலும் வகுப்பாசிரியரும் தாய் சொன்னதையே சொல்கிறார், 3. எப்போதிலிருந்து? "கொஞ்ச நாளா" என்ற பதில் போதாது. ஓணப் பரீட்சைக்கு முன்பா, தீபாவளிக்குப் பிறகா என்று கேட்டால் இருவரும் தீபாவளிக்குப் பிறகு என்கிறார்கள். வருகைப் பதிவேட்டிலும் அதன்பின்தான் விடுப்புகள் கூடியிருக்கின்றன. அறிகுறிகள் ஐந்து; நோய் உறுதி.

தற்கொலை எண்ணத்தில் மட்டும் இந்த ஒப்பீட்டுக்கு இடமில்லை. இருவரில் ஒருவர் உண்டு என்றாலே உண்டு. மற்றவர் மறுப்பு அதை அழிக்காது. கேட்பதால் அந்த எண்ணம் பிறக்கும் என்ற பயம் ஆதாரமற்றது. தாய் அருகில் இருக்கையில் கேட்பதுதான் தவறு. ஒற்றை அறை வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தனியாகப் பேச வேறு இடம் எங்கே கிடைக்கும்?

தனியாகப் பேசுமுன் இருவரையும் வைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மகள் சொல்வது மகளோடு இருக்கும். உயிருக்கு ஆபத்தோ பாலியல் வன்முறையோ என்றால் மட்டும் வெளியே சொல்வோம். பின்னதில் போக்சோ சட்டப்படி தகவல் தருவது கட்டாயம். இந்த எல்லையை மறைத்துவிட்டு ரகசியம் காப்பதாக வாக்களிப்பது துரோகம். முரண்பாட்டைத் தீர்க்கிறேன் என்று "உன் அம்மா இப்படிச் சொல்றாங்களே" எனப் போட்டுக்கொடுப்பதும் கூடாது. "வீட்ல கோபம் வர்ற மாதிரி நேரம் உண்டா?" என்று புதிதாகக் கேட்கலாம்.

இதற்கெல்லாம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூட்டம் நெரியும் ஓபியில் எல்லாருக்கும் அது நடக்காது. சந்தேகம் எழுந்தவர்களுக்கு வேறொரு நாள் ஒதுக்கலாம். ஆனால் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்க நேரமின்மை ஒரு காரணமல்ல. பாலக்காடு, இடுக்கி மாவட்ட மனநலத் திட்டங்கள் எல்லையோர மருத்துவமனைகளில் இரு மொழியும் தெரிந்த ஒருவரைப் பயிற்றுவித்து அமர்த்த வேண்டும். நேர்காணல் படிவத்தை வீட்டுத் தமிழில் அச்சிட்டு, தாய்க்கு ஒரு கட்டம், பிள்ளைக்கு ஒரு கட்டம் எனத் தனித்தனியே எழுதச் சொல்ல வேண்டும். கேரள சுகாதாரத் துறை இதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கட்டும்.